பள்ளிவாசலுக்குக் கிடைத்த விருதும் மூன்று நிமிட ஏற்புரையும்

ஒரு மத அமைப்பின் சார்பில் விருது வாங்கிக்கொண்டு பேசுவது, தனி மனிதர் ஒருவர் தனக்குக் கிடைத்த விருதுக்கு நன்றி சொல்வதைவிடக் கடினமானது. வேலை செய்தவர்கள் வேறு, மேடையில் நிற்பவர் வேறு. வேலை செய்தவர்களில் பாதிப்பேர் தங்கள் பெயர் வெளியே வரக்கூடாது என்று நினைப்பார்கள். மீதிப்பேரில் சிலருக்குப் பெயர் வராவிட்டால் வருத்தம். இதற்கெல்லாம் மேலாக, செய்த தர்மத்தைச் சொல்லிக்காட்டினால் அதன் நன்மை அழிந்துவிடும் என்று குர்ஆனே எச்சரிக்கிறது. அப்படிப்பட்ட ஒரு சமூகத்தின் சார்பில் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று, செய்ததைச் சொல்ல வேண்டும். ஜமாஅத் செயலாளர் என்ற முறையில் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. ஏற்புரையை எப்படி எழுதினோம், எதைச் சேர்த்தோம், எதை விட்டோம் என்பதை எழுதி வைத்தால் கோயில் கமிட்டிக்கோ பங்குப் பேரவைக்கோ வேறொரு ஜமாஅத்துக்கோ உதவும் என்று தோன்றியது.

எங்கள் ஊர் மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையில், மன்னார் வளைகுடாவை ஒட்டி இருக்கிறது. 2024 நவம்பர் 20 அன்று பெய்த மழையை இந்தக் கடற்கரையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தங்கச்சிமடத்தில் 30 சென்டிமீட்டரைத் தாண்டியது. மாவட்டத்துக்கு ஆண்டு முழுவதும் பெய்யும் மழையின் சராசரியே 80 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். குடிதண்ணீருக்குக் குடத்தோடு அலைந்து பழகிய ஊர்களில் அன்று வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. எங்கள் ஊரின் பள்ளத் தெருவிலும் அதே நிலைதான். பள்ளிவாசலை ஒட்டிய மதரஸாவின் மாடியைத் திறந்துவிட்டோம். அங்கே இரண்டு நாட்கள் பலரும் சேர்ந்து செய்த வேலைக்காக, அடுத்த ஆண்டு ராமநாதபுரத்தில் ஒரு பொதுநலச் சங்கம் எங்கள் ஜமாஅத்துக்குச் சமூக சேவை விருது அறிவித்தது. ஏற்புரைக்கு மூன்று நிமிடம் கொடுத்திருந்தார்கள்.

பேச்சை எழுதுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது பாராட்டுரையை. விருது வழங்கும் விழாக்களில், பெறுபவரை அழைப்பதற்கு முன் தொகுப்பாளர் ஒரு பத்தியை வாசிப்பார். பாராட்டுப் பத்திரத்தில் அச்சிடப்படுவதும் பெரும்பாலும் அதே பத்திதான். நாம் எவ்வளவு அடக்கமாகப் பேசினாலும், அந்தப் பத்தி மிகையாக இருந்தால் கூட்டத்தின் மனத்தில் நிற்பது அதுவே. ஆகவே விழாவுக்கு ஒரு வாரம் முன்பே சங்கத்தாரிடம் அந்த வாசகத்தைக் கேட்டு வாங்கினேன். "இரவு பகல் பாராது பல்லாயிரம் மக்களின் பசி தீர்த்து, எண்ணற்ற உயிர்களைக் காத்த" என்று தொடங்கியது. நல்ல மனத்தோடு எழுதியதுதான். ஆனால் உண்மை அப்படி இல்லை.

மதரஸாவில் யார் எவ்வளவு பொட்டலம் எடுத்துச் சென்றார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தோம். கூட்டினால் 1,150 வந்தது. இந்த எண்ணை மேடையில் சொன்னால், கேட்பவர் 1,150 பேருக்கு உணவளித்ததாகத்தான் எடுத்துக்கொள்வார். ஆனால் அது ஐந்து வேளைக்கான கணக்கு. ஒரே குடும்பம் ஐந்து முறையும் அதில் வருகிறது. ஐந்தால் வகுத்தால் வேளைக்குச் சுமார் 230 பேர். பள்ளத் தெருவில் எத்தனை வீடுகள் என்று தெரிந்த யாருக்கும் இந்த எண் பொருந்தும், பல்லாயிரம் பொருந்தாது. நிவாரணப் பணியில் எண்ணிக்கை ஊதிப்போவது பொய்யால் அல்ல, பெரும்பாலும் இப்படித்தான். பொட்டலங்களை ஆட்களாகக் கணக்கிடுவார்கள். வேளைகளை நாட்களாகக் கணக்கிடுவார்கள். நோட்டைப் பிரித்து, எந்த எண் எதைக் குறிக்கிறது என்று பக்கத்திலேயே எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் வராது. உயிர்களைக் காத்த பேச்சும் அப்படியே. எங்கள் ஊரில் அன்று உயிராபத்து இல்லை. படுக்கையில் இருந்த முதியவர்களை மேட்டுக்குக் கொண்டுவந்தார்கள், அதுவே பெரிய வேலை. வாசகத்தைத் திருத்தி, "இரண்டு நாட்கள், வேளைக்குச் சுமார் 230 பேருக்கு உணவும் தங்க இடமும்" என்று எழுதி அனுப்பினேன். சங்கச் செயலாளர் சற்றுத் தயங்கினார். விருதுக்கு இது போதுமா என்று யாராவது கேட்பார்களோ என்ற தயக்கம். "ஐயா, ஊர்க்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்த கணக்கைத்தான் வாசிக்க வேண்டும்" என்று சொன்னேன். ஒப்புக்கொண்டார்.

அடுத்தது பெயர்கள். பள்ளிவாசல் நிர்வாகத் தலைவரான முத்தவல்லி காக்காவுக்கு ஒரு கருத்து இருந்தது: நிர்வாகிகளின் பெயரை முதலில் சொல்லி, பிறகு தொண்டர்களின் பெயரைச் சொல்ல வேண்டும், பெரியவர்களை மதிக்கும் முறை அதுதான். இளைஞர்கள் தொண்டர்களின் பெயரை மட்டும் வாசிக்கச் சொன்னார்கள். நான் தாளில் எழுதிப் பார்த்தேன். வேலை செய்தவர்கள் என்று நினைவுக்கு வந்த பெயர்களே ஐம்பதைத் தாண்டின. பெயர், தகப்பனார் பெயர், தெரு என்று வாசித்தால் மூன்று நிமிடமும் அதற்கே போய்விடும். அதைவிடப் பெரிய ஆபத்து, விடுபடும் பெயர். ஐம்பது பெயரை வாசித்து ஒன்றை விட்டால், அந்த ஒருவர் தன் உழைப்பு கணக்கில் இல்லை என்று நினைப்பார். யார் பெயரையும் வாசிக்காவிட்டால் அந்த மனக்குறைக்கு இடமே இல்லை.

பெயரைச் சொல்லலாமா என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டபோது இன்னொரு பக்கமும் தெரிந்தது. சமையலில் முன்னின்ற லாத்தா ஒருவர், "என் பெயர் மேடையில் வரக்கூடாது தம்பி. அண்டாவைப் பற்றி வேண்டுமானால் சொல்லுங்கள்" என்றார். தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சினுக்குக் காவல் இருந்த ஒரு பையனின் உம்மாவோ, மகன் பெயர் வந்தால் நல்லது என்று வெளிப்படையாகவே கேட்டார். பையன் வேலை தேடிக்கொண்டிருக்கிறான். ஊருக்குள் அவனைப் பற்றி நல்ல வார்த்தை பரவட்டும் என்பது அவர் எண்ணம். இதில் தவறேதும் இல்லை. தொண்டர்கள் எல்லோரும் பெயர் வேண்டாதவர்கள் என்று நாமாக முடிவு செய்துவிடக் கூடாது. நிர்வாகிகளுக்கு அது வசதியான முடிவு. உழைத்தவருக்கு அப்படி இல்லை.

கடைசியில் இரண்டாகப் பிரித்தோம். மேடையில் பெயரே கிடையாது, வேலைகள் மட்டும். நிர்வாகிகளுக்கும் இதே விதி. முத்தவல்லி காக்கா இதைக் கேட்டதும் ஒரு நொடி யோசித்துவிட்டு, "அப்படியானால் என் பெயரை முதலில் அடித்துவிடு" என்றார். அவர் அப்படிச் சொன்ன பிறகு வேறு யாரும் தங்கள் பெயரைக் கேட்கவில்லை. பெயர்ப் பட்டியலைப் பள்ளிவாசலின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். பெயர் வேண்டாம் என்றவர்கள் இருந்த இடத்தில் "சமையல் குழுவினர்" என்று மட்டும் போட்டோம். பட்டியலின் அடியில் ஒரு வரி: விடுபட்ட பெயர் இருந்தால் ஜும்ஆவுக்கு முன் செயலாளரிடம் சொல்லவும். நான்கு பெயர்கள் வந்து சேர்ந்தன. மேடையில் அவை விடுபட்டிருந்தால் திரும்பச் சேர்த்திருக்க முடியாது. வேலை தேடும் அந்தப் பையனுக்கும் இன்னும் சிலருக்கும் ஜமாஅத் முத்திரையோடு ஒரு சான்றுக் கடிதம் கொடுத்தோம். அவர்கள் என்ன வேலையை, எத்தனை மணி நேரம் செய்தார்கள் என்று அதில் எழுதியிருந்தோம். மேடையில் ஒரு முறை பெயரை வாசிப்பதைவிட அது அவனுக்குப் பயன்படும்.

பேச்சின் உள்ளடக்கத்தைப் பற்றி மார்க்க அறிஞரான எங்கள் ஹஜ்ரத்திடம் பேசினேன். நான் ஒரு வசனத்தை மேற்கோளாக எழுதி வைத்திருந்தேன். குர்ஆனின் அத்தஹ்ர் அத்தியாயத்தில் வருவது: அல்லாஹ்வுக்காகவே உணவளிக்கிறோம், உங்களிடம் பிரதிபலனோ நன்றியோ எதிர்பார்க்கவில்லை என்று நல்லடியார்கள் கூறுவதாகச் சொல்லும் வசனம். பொருத்தமானது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஹஜ்ரத் அதைப் படித்துவிட்டுச் சொன்னார்: "இந்த வசனம் நல்லடியார்களின் உள்ளத்தைச் சொல்கிறது. கையில் கேடயத்தை வைத்துக்கொண்டு இதை நீங்கள் ஓதினால், அந்த நல்லடியார்கள் நாங்கள்தான் என்று சொன்னதாக ஆகிவிடும். நம்மைப் பற்றி வசனம் ஓதக் கூடாது. மற்றவர்களுக்கு நன்றி சொல்லத் தூண்டுவதை ஓதுங்கள்." மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தாதவர் என்ற நபிமொழியை அவர்தான் எடுத்துக் கொடுத்தார். இந்த ஒரு மாற்றத்தில் பேச்சின் திசையே மாறியது. மேற்கோள் எந்தப் பக்கம் கை நீட்டுகிறது என்று பார்த்தாலே போதும். பேசுபவரின் நல்ல குணத்தை அது சொன்னால், அது எவ்வளவு புனிதமான நூலிலிருந்து வந்தாலும் மேடையில் தற்புகழ்ச்சியாகத்தான் விழும்.

"எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்ற வரி வேண்டுமா என்ற கேள்வியும் வந்தது. 2009இல் ஆஸ்கர் மேடையில் ஏ.ஆர். ரஹ்மான் தமிழில் அதைச் சொன்னதிலிருந்து தமிழர் எல்லோருக்கும் பழகிய வாசகம். அது இருக்கட்டும் என்றார் ஹஜ்ரத். ஆனால் இடம் முக்கியம் என்று எனக்குத் தோன்றியது. கடைசியில் வைத்தால், அதுவரை சொன்ன மனிதர்களின் உழைப்பை எல்லாம் அது மூடிவிடும். முதலில் சொல்லிவிட்டால், புகழ் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. இனி மனிதர்களுக்கு நன்றி சொல்லலாம் என்ற தெளிவு பேசுபவருக்கே வந்துவிடுகிறது. தொடக்கத்தில் வைத்தோம்.

அடக்கம் என்று நினைத்து எழுதும் ஒரு வாக்கியத்தை மட்டும் பிடிவாதமாக நீக்கினேன். "நாங்கள் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை" என்பது அது. நிர்வாகியின் வாயில் அது அடக்கமாகத் தெரியலாம். இடுப்பளவு தண்ணீரில் ஒரு முதியவரைச் சுமந்தவரிடம், இரவெல்லாம் புகையில் நின்று சோறு வடித்தவரிடம், அவர் செய்தது பெரிதல்ல என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. தன் வேலையைச் சிறிதாகச் சொல்வது பணிவு; பிறர் வேலையைச் சிறிதாகச் சொல்வது அநியாயம்.

மூன்று நிமிடத்துக்கு எவ்வளவு எழுத வேண்டும் என்பதையும் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். மேடையில் நிறுத்தி நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்கு நூறு சொற்களுக்குக் குறைவாகத்தான் வரும். கைதட்டலுக்கும் மூச்சுக்கும் இடம் விட்டால் 240 சொற்கள் தாராளம். நான் பேசியதை அப்படியே தருகிறேன்.

"அவையோர் அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எல்லாப் புகழும் இறைவனுக்கே.

எங்கள் ஜமாஅத்தின் பெயரில் இந்த விருதைக் கொடுத்திருக்கிறீர்கள். நன்றி. அந்த இரண்டு நாட்களில் யார் என்ன செய்தார்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

மழை பெய்த அன்று நண்பகலில் பள்ளத் தெருவில் இடுப்பளவு தண்ணீர். நடக்க முடியாத முதியவர்களை வெளியே கொண்டுவந்தவர்கள் கடற்கரைத் தெரு மீனவர்கள். கடலில் வலை விடப் போகும் தெர்மாகோல் மிதவையைத் தெருவுக்குள் கொண்டுவந்து, அதில் பாய் விரித்துப் படுக்கவைத்துத் தள்ளி வந்தார்கள். அவர்கள் எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். அவர்களை யாரும் கூப்பிடவும் இல்லை.

மதரஸா மாடியில் சமைத்தவர்கள் எங்கள் தெருப் பெண்கள். நோன்புக் கஞ்சி காய்ச்சும் அண்டாவில் எல்லோரும் சாப்பிடும்படி எலுமிச்சைச் சோறு கிளறினார்கள். கார்த்திகை மாதம், மாலை போட்டிருந்த ஐயப்ப பக்தர்களுக்கு அரிசியும் பருப்பும் அடுப்பும் கொடுத்தார்கள். அம்மன் கோயில் மண்டபத்தில் அவர்கள் தாங்களே சமைத்துக்கொண்டார்கள். மறுநாள் மாடியில் இடம் போதாதபோது எங்கள் பிள்ளைகள் படுத்துறங்கியதும் அதே மண்டபத்தில்தான்.

டீசல் எஞ்சினை இரவு முழுவதும் இளைஞர்கள் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் தண்ணீர் வடிந்ததற்குக் காரணம் எஞ்சின் மட்டும் அல்ல. வாய்க்காலின் வாயை அடைத்திருந்த மணலை ஊராட்சியின் பொக்லைன் வெட்டிவிட்டது. பிறகு சாக்கடையை அள்ளி, பிளீச்சிங் பவுடர் தூவியவர்கள் தூய்மைக் காவலர்கள். அவர்கள் வீட்டுக்குள்ளும் அன்று தண்ணீர் நின்றது.

தென்னந்தோப்புக்கு அப்பால் உள்ள வீடுகளுக்கு முதல் நாள் எங்களால் போய்ச் சேர முடியவில்லை. பாதை அறுந்திருந்தது. அடுத்த மழைக்கு முன்னால் அங்கே அரிசி இருக்க ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம்.

மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் இறைவனுக்கு நன்றி செலுத்தாதவர் என்று நபிகள் நாயகம் சொன்னார்கள். நான் இப்போது சொன்ன ஒவ்வொருவருக்கும் எங்கள் ஜமாஅத் நன்றி சொல்கிறது. விருதுத் தொகை எஞ்சின் பழுதுக்கும் தோப்பு வீடுகளுக்கான அரிசிக்கும் போகும். அனைவருக்கும் நன்றி."

இதில் எந்த இடத்திலும் சிறந்த, அயராத, தன்னலமற்ற போன்ற அடைமொழிகள் இல்லை. வேண்டுமென்றே விட்டோம். தன்னலமற்ற சேவை என்று சொன்னால் கேட்பவர் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். மிதவையில் பாய் விரித்தார்கள் என்று சொன்னால் அவரே மனத்தில் அதைப் பார்த்துக்கொள்வார். அயராத உழைப்பா இல்லையா என்று முடிவு செய்வதும் அவரே. ஒவ்வொரு குழுவுக்கும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பொருளாவது வாக்கியத்தில் இருக்கிறதா என்று சரிபார்த்தேன்: மிதவை, அண்டா, எஞ்சின், பொக்லைன், பிளீச்சிங் பவுடர். பொருள் கிடைக்காத குழு என்றால், அவர்கள் என்ன செய்தார்கள் என்பது நமக்கே சரியாகத் தெரியவில்லை என்று அர்த்தம். தூய்மைக் காவலர்கள் விஷயத்தில் அப்படித்தான் இருந்தது. அவர்களில் ஒருவரிடம் போய்ப் பேசிய பிறகுதான், அவர்கள் வீடுகளும் நனைந்திருந்தன என்பது தெரிந்தது. ஊதியம் வாங்குபவர்களுக்கு எதற்கு நன்றி என்று ஒருவர் கேட்டார். தன் வீட்டுத் தண்ணீரை இறைக்காமல் நம் தெருவுக்கு வந்தவருக்கு நன்றி சொல்வதில் ஊதியம் எங்கே குறுக்கிடுகிறது?

செயப்பாட்டு வினைகளையும் தவிர்த்தேன். "உணவு வழங்கப்பட்டது, முதியோர் மீட்கப்பட்டனர்" என்று ஆண்டறிக்கையில் எழுதுவோம். மேடையில் அப்படிச் சொன்னால், செய்தவர் யார் என்று தெரியாத இடத்தில் அமைப்பின் பெயர் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். செய்தவரை எழுவாயாக வைத்தால் அமைப்பு பின்னால் நகர்ந்துவிடும். மேலே உள்ள உரையில் ஜமாஅத் வருவது பெரும்பாலும் மூன்று இடங்களில்தான்: விருதைப் பெறும்போது, போய்ச் சேர முடியாததைச் சொல்லும்போது, நன்றி சொல்லும்போது.

விழா ஏற்பாட்டாளர்களுக்கு மத நல்லிணக்கத்தைப் பற்றி ஒரு வரி இருந்தால் நல்லது என்ற ஆசை இருந்தது. அவர்கள் ஆசை புரிகிறது. ஆனால் பள்ளிவாசல் பிற மதத்தவருக்கும் உதவியது என்று நாமே சொன்னால், பக்கத்து வீட்டுக்காரர் நம்மிடம் கடன்பட்டவராகிவிடுகிறார். இந்தக் கடற்கரையில் யாரும் யாருக்கும் அப்படி இருந்ததில்லை. அதனால் உதவி இரண்டு பக்கமும் போனதை அப்படியே சொன்னோம். நாங்கள் அரிசி கொடுத்தோம் என்று சொன்ன கையோடு, அவர்கள் மண்டபத்தில் எங்கள் பிள்ளைகள் உறங்கினார்கள் என்று சொன்னோம். முதலில் வந்தவர்கள் மீனவர்கள் என்பதையும் முதலிலேயே வைத்தோம். நல்லிணக்கம் என்ற சொல்லைத் தொகுப்பாளர் பிறகு தானாகவே சொன்னார். அதை அவர் சொல்வதுதான் பொருத்தம்.

உதவி பெற்றவர்களைப் பற்றிப் பேசும்போது இன்னும் கவனம் வேண்டும். பசியால் வாடிய, வீடிழந்து தவித்த என்றெல்லாம் எழுதினால் நம் சேவை உயரமாகத் தெரியும். அவர்கள் தலை குனியும். ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டு, மாடியில் தங்கிய ஒரு குடும்பம் முன்வரிசையில் உட்கார்ந்து இதைக் கேட்டால் நிமிர்ந்து உட்கார்ந்திருக்குமா என்று கேட்டுக்கொண்டேன். எங்கள் பேருந்தில் அப்படி மூன்று குடும்பங்கள் உண்மையிலேயே வந்திருந்தன. திரையில் காட்டப் படங்கள் கேட்டார்கள். பொட்டலத்துக்குக் கை நீட்டும் படங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு, அண்டா, எஞ்சின், மணல் வெட்டிய வாய்க்கால், மிதவை ஆகிய படங்களை மட்டும் அனுப்பினோம். முகம் தெரிந்த ஒரு படம் இருந்தது. மிதவையைத் தள்ளிய மீனவரின் சம்மதம் பெற்று அதைச் சேர்த்தோம். படுத்திருந்த முதியவரின் முகம் தெரியாதபடி வெட்டிவிட்டோம்.

போய்ச் சேர முடியாத வீடுகளைப் பற்றிய பத்தி வேண்டாம் என்று நிர்வாகக் குழுவில் இரண்டு பேர் சொன்னார்கள். விருது மேடையில் குறையைச் சொல்வானேன் என்பது அவர்கள் வாதம். எனக்கு அதுதான் பேச்சின் முதுகெலும்பாகத் தெரிந்தது. அந்த வீட்டுக்காரர்கள் செய்தித்தாளில் இந்த விருதைப் படிப்பார்கள். முதல் நாள் தங்களுக்கு ஒன்றும் வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் விட்டால், சொன்ன மற்ற எல்லாவற்றையும் அவர்கள் சந்தேகிக்க நியாயம் உண்டு. ஆனால் இதைச் சொல்ல ஓர் அளவு உண்டு. இரண்டு மூன்று வாக்கியம் போதும். காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லி, அடுத்து என்ன செய்கிறோம் என்று முடித்துவிட வேண்டும். நீட்டினால் அதுவும் நம்மைப் பற்றிய பேச்சாகவே ஆகிவிடும். செய்யப்போவதாகச் சொல்வதையும் ஏற்கெனவே தொடங்கியிருந்தால்தான் சொல்ல வேண்டும். தோப்புக்குப் பக்கத்து வீடு ஒன்றில் அரிசி மூட்டை வைக்க இடம் பேசி முடித்த பிறகுதான் அந்த வரியை உரையில் சேர்த்தேன்.

மேடை ஏற்பாட்டைப் பற்றியும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். எத்தனை பேர் மேடைக்கு வரலாம், கேடயத்தை யார் வாங்குவது, பொன்னாடை போர்த்துவார்களா என்று கேட்டுக்கொண்டேன். முத்தவல்லி காக்காவோடு கடற்கரைத் தெருவைச் சேர்ந்த மீனவர் ஒருவரும் எஞ்சின் பார்த்த இளைஞர் ஒருவரும் ஏறினார்கள். சமையல் குழுவினர் மேடை ஏற விரும்பவில்லை. அரங்கில் நல்ல இடத்தில் உட்கார வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். இரண்டாம் வரிசையில் இடம் ஒதுக்கச் சொல்லியிருந்தோம். எழுந்து நில்லுங்கள் என்று மேடையிலிருந்து சொல்ல மாட்டேன் என்று முன்பே வாக்குக் கொடுத்திருந்தேன். அண்டாவைப் பற்றிச் சொன்னபோது அந்த வரிசையின் பக்கமே பார்க்காமல் பேசினேன். பார்த்திருந்தால் அரங்கமே திரும்பியிருக்கும்.

உரையைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துப் படித்தேன். மனப்பாடமாகப் பேசுவது திறமை என்று நினைப்பவர்கள் உண்டு. பலருக்கு நன்றி சொல்லும் உரையில், மறந்துபோகும் ஒரு வாக்கியம் ஒரு தெருவையே விட்டுவிடும். தாளைப் பார்த்துப் படிப்பதில் குறைவேதும் இல்லை. ஒவ்வொரு குழுவையும் சொல்லி முடித்த பின் ஒரு மூச்சு நிறுத்தினேன். அங்கங்கே கைதட்டினார்கள். தூய்மைக் காவலர்களைச் சொன்ன இடத்தில்தான் அதிக நேரம் தட்டினார்கள். கைதட்டல் முடியும்வரை காத்திருந்தேன். அது அவர்களுக்கு உரியது.

விழா முடிந்ததும் ஒரு நிருபர் வந்து என் பெயரையும் செல்பேசி எண்ணையும் கேட்டார். செய்தியில் ஒருவர் பெயர் வந்தே ஆக வேண்டும் என்றால் ஜமாஅத் செயலாளர் என்று பதவியை மட்டும் போடுமாறு கேட்டுக்கொண்டு, தட்டச்சு செய்து வைத்திருந்த உரையின் பிரதியைக் கொடுத்தேன். இதை ஒவ்வோர் அமைப்பும் செய்ய வேண்டும். பிரதி இல்லாவிட்டால் நிருபருக்குக் கிடைப்பது பாராட்டுரை மட்டுமே. மறுநாள் வந்த செய்தியில் மீனவர்களும் தூய்மைக் காவலர்களும் இருந்தார்கள். வேளைக்குச் சுமார் 230 பேர் என்ற கணக்கும் சரியாகவே வந்திருந்தது.

கேடயத்தை எங்கே வைப்பது என்று அடுத்த ஜும்ஆவுக்குப் பின் பேசினோம். தொழும் இடத்தில் வேண்டாம் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. மதரஸா அலுவலக அலமாரியில், உணவுக் கணக்கு நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தோம். விருதுத் தொகையின் வரவையும், எஞ்சின் பழுதுக்கும் அரிசிக்கும் ஆன செலவையும் ரசீது எண்களோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். மீதியிருந்த தொகைக்கு மிதவைக்காரர்களுக்குப் புதிய கயிறு வாங்கிக் கொடுக்கலாம் என்றார் எஞ்சின் பார்த்த அந்தப் பையன். அன்று இழுத்ததில் அவர்கள் கயிறு அறுந்துபோனது அவனுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.